பட்டுப்புழு வளர்த்துக் கடனாளி ஆவது எப்படி?

ஆரணியில் தறி வைத்திருக்கிறீர்கள். ஊருக்கு வெளியே கால் ஏக்கர் நிலமும், தை வரை தண்ணீர் தந்து பங்குனியில் கைவிடும் கிணறும் இருக்கின்றன. பாவுக்கும் ஊடைக்கும் பட்டுநூல் கர்நாடகத்திலிருந்து வருகிறதே, புழுவை நாமே வளர்த்தால் என்ன என்று மச்சான் கேட்கிறார். உடனே தலையாட்டுங்கள். மிச்சத்துக்கு வழி கீழே.

1. தை மாதம் கிணற்றை எட்டிப் பார்த்து, பங்குனிக்கு 100 முட்டைத் தொகுதிக்கான இளம்புழுக்களுக்குச் சொல்லிவையுங்கள். அவற்றுக்குச் சுமார் ஒரு டன் மல்பெரி இலை வேண்டும். தண்ணீர் தாராளமாக இருந்தால்தான் கால் ஏக்கரில் ஓர் அறுவடைக்கு அவ்வளவு தேறும் என்பதை யாரிடமும் கேட்காதீர்கள்.

2. முதல் சில நாள் நிம்மதியாகத் தறியில் உட்காருங்கள். புழு கொஞ்சமாகத்தான் தின்னும். நான்காம் முறை தோல் உரித்தபின் வரும் கடைசி ஏழு நாளில்தான் மொத்தத் தீனியில் எண்பது சதவீதத்துக்கு மேல் உள்ளே போகும். கிணறு வற்றுவதும் அதே வாரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

3. இலை தீர்ந்ததும் பக்கத்து ஊரில் வாங்குங்கள். வெயிலில் வாடி வந்தால் பரவாயில்லை. அடுத்த வயலில் நெல்லுக்கு மருந்து அடித்தார்களா என்றும் விசாரிக்காதீர்கள். புழு தலையை ஆட்டி, பச்சையாகக் கக்கிச் சுருண்டால் பதில் தெரிந்துவிடும்.

4. தப்பியவற்றைச் சந்திரிகையில் ஏற்றுங்கள். அரைப்பட்டினிப் புழு கட்டிய கூடு விரலால் அழுத்தினால் அமுங்கும். தர்மபுரி அங்காடியில் ஏலம் எடுக்க வருபவருக்கும் விரல் உண்டு.

கடன் வேண்டாம் என்கிற சோம்பேறிகள் இப்படிச் செய்யலாம். ஐந்தடிக்கு மூன்றடி இடைவெளியில் நட்டால் கால் ஏக்கருக்கு ஏறக்குறைய 700 செடி. இளம்புழுவுக்குச் சொல்லுமுன், தோட்டத்தில் அங்கங்கே பத்துச் செடியின் இலையைப் பறித்து எடை போடுங்கள். ஏழு கிலோ வந்தால் மொத்தம் 490 கிலோ, அதாவது ஐம்பது தொகுதிக்கும் கொஞ்சம் குறைவு. நாற்பது மட்டும் கேளுங்கள். சிந்தியதும் வாடியதும் மீதியில் அடங்கும்.

ஆவணி முதல் மாசி வரை வளர்ப்பு, பிறகு ஓய்வு. புழுவுக்குச் சுகம் 24 முதல் 28 டிகிரி வரை. கோடையில் ஈரச்சாக்குத் தொங்கவிட்டுத்தான் கொட்டகையைக் குளிர்விக்க வேண்டும், அதற்கும் அதே கிணற்றில்தான் இறைக்க வேண்டும். இருக்கிற தண்ணீரைச் செடி சாகாமல் காப்பதற்கு விடுங்கள்.

சித்திரையில் மச்சான் வந்து, "கொட்டகை சும்மா கிடக்கே?" என்பார். ஆமாம், இந்தத் தொழிலில் நிச்சயமாகக் கிடைக்கும் லாபம் அதுதான் என்று சொல்லி மோர் கொடுங்கள்.