தலைக்கும் ஹெல்மெட்டுக்கும் நடுவே

தமிழ்நாட்டில் இருசக்கர வாகனம் ஓட்டுவோர் தலையிலும் முகத்திலும் சுற்றிக்கொள்ளும் துணிகள் பொதுவாக நான்கு வகைப்படும். மங்கி குல்லா, கைக்குட்டை, துப்பட்டா, பிளாட்பாரக் கடையில் தொங்கும் பைக் மாஸ்க் ஆகியவை அவை. துண்டு என்று ஐந்தாவது வகையும் உண்டு. அது ஹெல்மெட்டுக்கு உள்ளே அல்லாமல், ஹெல்மெட்டுக்குப் பதிலாகக் கட்டப்படுவதால், அதைப் பற்றிய ஆராய்ச்சியைப் போக்குவரத்துக் காவலர்கள் பார்த்துக்கொள்கிறார்கள்.

இந்த நான்கில் மார்கழிக்கு உரியது மங்கி குல்லா. குன்னூரில் காலை வெப்பநிலை 10 டிகிரி என்று வைத்துக்கொண்டால், நிற்பவருக்கு அது 10 டிகிரிதான். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவருக்கோ காற்று அடிக்கும் தோலில் அது ஏறக்குறைய 5 டிகிரி போல உறைக்கும். உடம்பைச் சுற்றி ஒட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய வெதுவெதுப்பான காற்றை எதிர்க்காற்று ஓயாமல் அள்ளிக்கொண்டு போவதே காரணம். ஆகவே குளிருக்குத் துணி வேண்டும் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. எவ்வளவு தடிமனான துணி என்பதில்தான் வீட்டுப் பெரியவர்களுக்கும் ஹெல்மெட்டுக்கும் கருத்து வேறுபாடு.

ஹெல்மெட்டில் மூன்று அடுக்குகள் உண்டு. வெளியே கடினமான ஓடு. அதற்குள் தெர்மோகோல் போன்ற அடுக்கு; அடி விழும்போது தான் நசுங்கித் தலையைக் காப்பது இதுதான். தலையைத் தொடுவது துணி போர்த்திய பஞ்சு. இந்த ஏற்பாடு வேலை செய்ய வேண்டுமானால் ஹெல்மெட் தலையை எல்லாப் பக்கமும் ஒரே சீராகப் பிடித்திருக்க வேண்டும். அந்த இடத்தில்தான் கம்பளிக் குல்லா குடியேறுகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒருவர் தலையின் சுற்றளவு 58 சென்டிமீட்டர். அவர் வாங்கியது உள்ளே 580 மி.மீ. என்று எழுதியிருக்கும் நடுத்தர அளவு ஹெல்மெட். கம்பளிக் குல்லா அழுந்திய பிறகும் 3 மில்லிமீட்டர் தடிமன் இருக்கிறது. எட்டாம் வகுப்பில் இது எதற்கு உதவப்போகிறது என்று எல்லோரும் கேட்ட வட்டத்தின் சுற்றளவுச் சூத்திரம் இங்கே உதவுகிறது. ஆரம் 3 மி.மீ. கூடினால் சுற்றளவு ஏறக்குறைய 19 மி.மீ. கூடும். அதாவது 58 சென்டிமீட்டர் தலை, குல்லாவோடு சேர்ந்து 60 சென்டிமீட்டர் தலையாகிவிடுகிறது. ஒரே இரவில் ஒரு சைஸ் தலைக்கனம்.

இதற்குப் பிறகு இரண்டு வழிகள். முதல் வழியில் ஹெல்மெட் முழுதாக இறங்காமல் உச்சியில் நின்றுவிடும். தாடைப் பட்டை எட்டாது. பட்டையை மாட்டாமலே அவர் அலுவலகம் போவார். இரண்டாம் வழியில் அவர் டிசம்பரில் குல்லாவோடு கடைக்குப் போய் 600 மி.மீ. ஹெல்மெட் வாங்கிவிடுவார். ஏப்ரலில் குல்லா பரணுக்குப் போனதும், அவர் இடப்பக்கம் திரும்பினால் ஹெல்மெட் மட்டும் நேராகப் பார்த்துக்கொண்டிருக்கும். பஞ்சு நாளாக ஆக அமுங்கும் என்பதால் அந்தத் தளர்ச்சி கூடிக்கொண்டே போகும்.

பொருத்தத்தைச் சோதிக்க எளிய முறை உண்டு. துணியோடு ஹெல்மெட்டை மாட்டிப் பட்டையை இறுக்கிக்கொண்டு தலையை இருபுறமும் ஆட்ட வேண்டும். ஹெல்மெட்டோடு கன்னத்துத் தோலும் சேர்ந்து அசைந்தால் சரி. அடுத்து, பின்புற விளிம்பைப் பிடித்து மேலும் முன்னும் தள்ள வேண்டும். கழன்று வந்தால் அது தொப்பி, ஹெல்மெட் அல்ல. தலையில் ஓரிடத்தில் மட்டும் வலித்தால் அங்கே ஒரு தையலோ முடிச்சோ இருக்கிறது. உச்சியில் பூப்பந்து வைத்துத் தைத்த குழந்தைக் குல்லாவை அவசரத்துக்கு மாட்டிச் செல்லும் அப்பாக்கள் இதைப் பத்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

எனவே உள்ளே போடத் தகுந்தது, ஒரு மில்லிமீட்டருக்கு மேல் போகாத, உடம்போடு ஒட்டும் பின்னல் துணியில் தட்டையான தையல் போட்ட தொப்பி அல்லது முகமூடி. குளிர் கழுத்து வழியாகவும் நுழைகிறது. அங்கே எவ்வளவு தடித்த துணியும் சுற்றலாம், ஹெல்மெட் ஆட்சேபிக்காது.

மூக்கை மூடியதும் அடுத்த சிக்கல் தொடங்குகிறது. மூச்சுக்காற்று வெப்பமும் ஈரமும் உள்ளது. முன்னால் துணி தடுப்பதால் அது மூக்கின் இருபுறமும் மேலேறி, குளிர்ந்த ஹெல்மெட் கண்ணாடியில் பட்டுப் பனியாகப் படியும். மூக்குக் கண்ணாடி போட்டவருக்கு இரண்டு திரைகள். சாலை ஒரு வதந்தியாக மட்டுமே தெரியும். மூக்கின் மேல் வளைத்து அழுத்தும் கம்பி உள்ள மாஸ்க் இதைப் பெருமளவு தடுக்கும். கம்பி இல்லாவிட்டால் துணியை மூக்கு நுனிக்குக் கீழே இறக்கி, ஹெல்மெட் கண்ணாடியை ஒரு விரற்கடை திறந்து வைப்பதே வழி.

கத்திரி வெயிலில் எதிரி மாறுகிறது. தார்ப்பாய் மூடாமல் எம்-சாண்ட் ஏற்றிப் போகும் டிப்பர் லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டவருக்கு அது மாறியது உடனே தெரியும். இங்கே துணியின் எல்லையைப் புரிந்துகொள்வது நல்லது. கண்ணுக்குத் தெரியும் மணலை நான்காக மடித்த பருத்திக் கைக்குட்டை நிறுத்தும். நுரையீரலின் ஆழம் வரை போவதோ 2.5 மைக்ரானுக்கும் சிறிய துகள். அதற்குக் கைக்குட்டையின் இழைகளுக்கு இடையிலான சந்து, கதவில்லாத வாசல். அதைத் தடுக்க என்95 மாஸ்க் வேண்டும். அதன் இழைகளில் உள்ள மின்னேற்றமே நுண்துகளைப் பிடித்து இழுக்கிறது. சோப்புத் தூளில் ஊறவைத்துக் கசக்கிக் கொடியில் காயப்போட்டால் அந்த மின்னேற்றம் போய்விடும். பார்ப்பதற்குப் பளிச்சென்றிருக்கும், வேலைக்கு ஆகாது. முகத்தோடு பொருந்தாமல் ஓரத்தில் இடைவெளி விட்டாலும் இதே கதைதான். வாகனப் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு வாயு என்பதால் கைக்குட்டை, என்95 இரண்டையும் ஒரே மரியாதையோடு கடந்து போகும்.

துணியை நனைத்துக் கட்டுவது பழைய உத்தி. ஈரம் ஆவியாகும்போது கழுத்து குளிரும் என்பது உண்மை. மூக்கின் மேல் நனைத்துக் கட்டினால் தண்ணீர் சந்துகளை அடைத்து மூச்சு முட்டும். ஈரத்துணிக்குக் கழுத்தே இடம்.

துப்பட்டாவைக் கண் மட்டும் தெரியும்படி சுற்றுவது தனிக் கலை. சிக்னலில் பக்கத்தில் நிற்கும் பெற்ற அப்பாவே வண்டி எண்ணை வைத்துத்தான் மகளை அடையாளம் காண்கிறார். வெயிலுக்கு இது நல்ல மறைப்பு. கவனிக்க வேண்டியவை இரண்டு. முடிச்சு ஹெல்மெட்டின் உள்ளே வராமல் பிடரிக்குக் கீழே விழ வேண்டும். மிச்ச நுனி காற்றில் பறக்கக் கூடாது. பின்சக்கரமோ செயினோ அதைப் பிடித்தால் இழுபடுவது கழுத்து. நுனியைச் சட்டைக்குள் செருகிய பிறகுதான் வண்டியைக் கிளப்ப வேண்டும்.

கடைசியாகத் துவைப்பது. வியர்வை, புழுதி, தேங்காயெண்ணெய் மூன்றும் சேர்ந்த பஞ்சை மூடிய டிக்கியில் வைத்தால் மாலையில் என்ன நடக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை. சிக்னலில் பக்கத்தில் நிற்பவருக்கே தெரியும். உள்ளே போடும் மெல்லிய தொப்பியின் முழுப் பயன் இங்கேதான். ஹெல்மெட்டின் பஞ்சைத் தினமும் துவைக்க முடியாது, தொப்பியை முடியும். இரண்டு தொப்பிகள் இருந்தால் ஒன்று காயும்போது மற்றொன்று தலையில் இருக்கும்.

ஆகவே தொப்பியோ முகமூடியோ வாங்கப் போகிறவர்கள் ஹெல்மெட்டையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். துணியைத் தொட்டுப் பார்த்து வாங்காதீர்கள். மேலே ஹெல்மெட்டை மாட்டி, பட்டையைப் பூட்டி, தலையை ஆட்டிப் பார்த்து வாங்குங்கள். கடைக்காரர் அந்தத் தலையாட்டலைச் சொன்ன விலைக்குச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டால், அப்போது பேரத்தைத் தொடங்கலாம்.