யுகாதிக்கு இரண்டு தேதியா?

கேள்வி: ஒரு பஞ்சாங்கத் தளம் யுகாதி இன்று என்கிறது, இன்னொன்று நாளை என்கிறது. போளி எப்போது சுடுவது?

பதில்: இரண்டு நாளும் சுட்டால் குடும்பத்தில் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்!

சூரியன் உதிக்கும்போது சித்திரைப் பிரதமை (சாந்திரமானச் சித்திரை, நம் பங்குனியில் வரும்) இருக்கும் நாள்தான் யுகாதி. பிரதமை இன்று காலை 6.20க்குத் தொடங்கி நாளை 6.22க்கு முடிகிறது என்று வையுங்கள். அந்தப் பருவத்தில் சென்னையில் 6.10 வாக்கில் உதயம். அப்போது அமாவாசையே நகரவில்லை, எனவே யுகாதி நாளை. மும்பையில் 6.35க்குத்தான் உதயம், பிரதமை வந்து உட்கார்ந்துவிட்டது, எனவே இன்றே. தளத்தின் மேலே எந்த ஊர் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். நீங்கள் மாற்றாதவரை அது தனக்குப் பிடித்த ஊரிலேயே குடியிருக்கும்.

ஊர் ஒன்றாக இருந்தும் தேதி மாறுகிறதா? திதி முடியும் நேரத்தை ஒப்பிடுங்கள். அது சில மணி நேரம் வேறுபட்டால் ஒன்று வாக்கியம், மற்றது திருக்கணிதம். வாக்கியம் பழைய சூத்திரங்களை அப்படியே பின்பற்றுவது; திருக்கணிதம் வானில் சந்திரன் இருக்கும் இடத்தோடு ஒத்துப்போகத் திருத்தப்பட்டது. உங்கள் வீட்டில் எது வழக்கமோ, அதன்படி அடுப்பைப் பற்றவையுங்கள்.