முதல் தேதி மடல்

மாதம் பிறந்ததும் பால்காரர் கணக்கு வருகிறதோ இல்லையோ, என்றோ ஒரு நாள் நமக்கு வீடு முடித்துக் கொடுத்துத் தமது தரகையும் வாங்கிக்கொண்டு போன மனிதரிடமிருந்து மின்னஞ்சல் மட்டும் தவறாமல் வந்துவிடுகிறது. முதலில் நமது க்ஷேமத்தை விசாரிப்பார். பிறகு பண்டிகை ஏதேனும் சமீபித்திருந்தால் அதற்கு வாழ்த்துச் சொல்வார். அதன் பிறகு, நாம் கேட்காமலே, நமது பகுதியின் வீட்டு விலை நிலவரத்தையும் வாடகை நிலவரத்தையும் பச்சை அம்புக்குறிகள் சகிதம் எடுத்துரைப்பார். கடைசியில், 'தங்கள் உறவினர், நண்பர் யாரேனும் வீடு வாங்கவோ விற்கவோ உத்தேசித்திருந்தால் அடியேனை நினைவில் வையுங்கள்' என்று முடிப்பார். மேலே உள்ள அத்தனையும் அந்தக் கடைசி வரிக்காகவே எழுதப்பட்டவை என்பது அவருக்கும் தெரியும், நமக்கும் தெரியும்.

2014-இல் மடிப்பாக்கத்தில் தரைத்தளத்து வீடு ஒன்றை அவர் மூலமாக வாங்கிய நாள் முதல் இந்த மடலை விடாமல் வாசித்து வருகிறேன். அவருடைய சந்தை ஒருநாளும் இறங்கியதில்லை. ஏறினால், 'இன்னும் ஏறுவதற்குள் வாங்குங்கள்' என்பார். அசையாமல் கிடந்தால், 'வாங்குவதற்கு இதைவிட உசிதமான காலம் இல்லை' என்பார். 2015 டிசம்பரில் எங்கள் கூடத்தில் முழங்கால் அளவு தண்ணீர் நின்று, அதில் என் மனைவியின் அரிசிப் பானை மிதந்துகொண்டிருந்த வாரத்தில் வந்த மடல், 'சந்தையில் சற்றே நிதானம் தென்படுகிறது' என்று மட்டும் சொல்லிற்று. மழை என்ற சொல் அதில் எங்கும் இல்லை.

இவற்றையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது அவருடைய சராசரி. முப்பது வருஷம் தணிக்கை உத்தியோகத்தில் பேரேடுகளோடு குடித்தனம் நடத்தியவன் நான். ஒரு சதவீதத்தைப் பார்த்தால், அது எதன்மேல் எழுந்த சதவீதம் என்று கேட்காமல் எனக்குத் தூக்கம் வராது. சென்ற தை மாதத்து மடல், 'நமது பகுதியில் வீட்டு விலை ஒரே மாதத்தில் 17 சதவீதம் உயர்வு' என்று முழங்கியபோது, நான் தொலைபேசியை எடுத்தேன்.

“எத்தனை வீட்டை வச்சு இந்தக் கணக்குப் போட்டீங்க?”

“சார், மார்க்கெட்டே அப்படித்தான் சார் இருக்கு.”

“அது சரி, எத்தனை வீடு?”

கால் மணி நேரச் சம்பாஷணைக்குப் பிறகு விஷயம் வெளிவந்தது. மார்கழியில் அவர் கணக்கில் எடுத்தவை மூன்றே வீடுகள்: 60 லட்சம், 65 லட்சம், 70 லட்சம். சராசரி 65. தை மாதத்திலும் அதே மாதிரி மூன்று பழைய வீடுகள், அதே 60, 65, 70தான். ஆனால் அவற்றோடு, புதிதாகக் கட்டிய அடுக்கில் மூன்று படுக்கையறை கொண்ட வீடு ஒன்று, 110 லட்சத்துக்கு, வந்து சேர்ந்திருக்கிறது. நான்கையும் கூட்டினால் 305. நான்கால் வகுத்தால் 76¼. அறுபத்தைந்திலிருந்து எழுபத்தாறே காலுக்கு 17 சதவீதம் உயர்வு. கணக்கில் பிழை சொல்ல எவராலும் ஆகாது. ஆனால் எங்கள் ஊரில் யாருடைய வீடும் ஒரு ரூபாய்கூட உயரவில்லை. கல்யாணப் பந்தியில் பயில்வான் ஒருவர் வந்து உட்கார்ந்துவிட்டால், அடுத்த இலையில் இருக்கும் நோஞ்சானுக்கும் சராசரியில் சதை போட்டுவிடுகிறது அல்லவா, அந்த வகைச் சதை இது. விலைகளை வரிசையாக நிறுத்தி நடுவில் நிற்பதைப் பார்த்திருந்தால், 65 என்பது 67½ ஆகியிருக்கும், அவ்வளவுதான். ஆனால் நடுவில் நிற்பதற்குப் பச்சை அம்புக்குறி போட்டால் யார் திரும்பிப் பார்ப்பார்கள்?

இந்தப் பயில்வான் வராத மாதங்களில் அவர் என்ன செய்கிறார் என்று பழைய மடல்களை எடுத்து வைத்துப் பார்த்தேன். சிறிய, பழைய வீடுகளே கைமாறிச் சராசரி சரிந்த மாதத்தில் சராசரி என்ற பிரஸ்தாபமே இல்லாமல், சதுர அடி விலை வந்து நிற்கிறது. அதுவும் படுத்துவிட்ட மாதத்தில் சென்ற வருஷத்தோடு ஒப்பீடு வருகிறது. அதற்கும் வழியில்லாத மாதத்தில், மாதவரத்திலிருந்து எங்கள் ஊர் வழியாகச் சோழிங்கநல்லூருக்குப் போகும் மெட்ரோ ரயில் பாதையின் படம் வருகிறது.

அந்த 110 லட்சம் வீட்டைப் பற்றி இன்னொரு வார்த்தை. மாலையில் உலாவப் போகும்போதெல்லாம் அதன் வாசலைக் கடந்து போகிறேன்; 'விற்பனைக்கு' என்ற பலகை, ஒரு பக்கத்துக் கம்பி அறுந்து, வைகாசியிலும் அங்கேயே தொங்கிக்கொண்டிருந்தது. அந்த வீடு விற்கவேயில்லை. மடலில் இருந்தது உடையவர் கேட்ட விலை. கொடுப்பவர் எவரும் அதைக் கொடுக்கவில்லை. இதையும் தொலைபேசியில் கேட்டேன். “பத்திரத்துல போடற விலையை எழுதினா உங்க வீட்டுக்கு மதிப்பே இருக்காது சார்” என்றார். அதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. வில்லங்கச் சான்றிதழ் எடுத்துப் பார்த்தால் தெருவில் கைமாறிய வீட்டின் பத்திரத் தொகை தெரிந்துவிடும். ஆனால் தீர்வைக்குப் பயந்து அதைக் குறைத்து எழுதுகிறவர்கள் உண்டு. உண்மை விலை இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ கிடக்க, தரகர் மட்டும் எப்போதும் மேல் நுனியில் நின்று எழுதுகிறார்.

வாடகைக்கு மடலில் தனிப் பத்தி உண்டு. காலியான வீட்டுக்குக் கேட்கப்படும் வாடகையைத்தான் அதில் போடுவார். ஆறு வருஷமாக ஒரே வீட்டில் இருந்து, வருஷத்துக்கு ஐந்நூறு ரூபாய் ஏற்றிக் கொடுக்கும் குடித்தனக்காரர் அவர் கணக்கில் வசிப்பதில்லை. எனக்கு வியப்பூட்டுவது வேறொன்று: விலைப் பத்தியும் வாடகைப் பத்தியும் பத்து வருஷமாக ஒரே மடலில் அடுத்தடுத்து வாழ்ந்தும், ஒன்றையொன்று சந்தித்ததே இல்லை. சந்தித்தால் வினை. 65 லட்சம் வீட்டுக்கு மாதம் 18,000 வாடகை என்றால் வருஷத்துக்கு 2,16,000, முதலுக்கு 3.3 சதவீதம். அதிலும் சொத்து வரியும், வெள்ளையடிப்பும், ஆள் மாறும் இடைவெளியில் பூட்டிக் கிடக்கும் மாதமும் கழிய வேண்டும். வாங்கும்போது வழக்கமாகக் கட்டும் முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதத்தை இந்த வாடகையிலிருந்து மீட்பதற்கே மூன்று வருஷத்துக்கு அருகில் ஆகிவிடும். தரகை வேறு.

இப்படியெல்லாம் எழுதிவிட்டேனே தவிர, மனிதர் கெட்டவர் அல்லர். என் வீட்டுத் தாய்ப் பத்திரத்தில், விற்றவருடைய தகப்பனார் பெயரில் ஒரு எழுத்துப் பிழை இருந்ததை வக்கீல் கவனிக்கவில்லை, நானும் கவனிக்கவில்லை, கவனித்தவர் அவர். அதைத் திருத்துவதற்காகச் சார்பதிவாளர் அலுவலகத்து மர பெஞ்சியில் என்னோடு இரண்டு பகல்கள் உட்கார்ந்திருந்தார். அதற்கென்று காலணா கேட்கவில்லை. ஆகையால்தான், அக்காள் மகன் வீடு பார்க்கிறான் என்று தெரிந்தவுடன், அத்தனை கோபத்தையும் மறந்து அவருடைய எண்ணையே கொடுத்தேன். மடல் ஜெயித்துவிட்டது என்று அவர் நினைத்திருப்பார். ஜெயித்தது அந்த மர பெஞ்சி.

மருமகன் விஷயமாக அவர் வீட்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிருந்தேன். நல்ல வீடு, கிழக்குப் பார்த்த வாசல், பின்னால் ஒரு முருங்கை மரம். எப்போது வாங்கினீர்கள் என்று விசாரித்தேன். பதினைந்து வருஷமாக அதில் வாடகைக்கு இருக்கிறாராம். “கணக்குப் போட்டுப் பார்த்தேன் சார். இந்த ஏரியாவுல வாடகைக்கு இருக்கறதுதான் லாபம்” என்றார், காபியை ஆற்றிக்கொண்டே.

அந்தக் கணக்கு இதுவரை எந்த மடலிலும் வரவில்லை.