கெட்டிக்காரக் குழந்தையின் தொண்டை

தீபாவளி நெருங்கினால் சிடாம் கிரி வீடுகளுக்குச் சுங்கைப் பட்டாணிப் பொம்மைக் கடைகளின் விளம்பரம் கைப்பேசியிலேயே வந்துவிடும். அதில் தவழும் குழந்தை ஒன்று கட்டை வண்டியைக் கடித்துக்கொண்டு சிரிக்கும். மூலையில், எறும்பு வாசிக்கும் அளவில், ‘3+’. மேலே கொட்டை எழுத்தில், ‘100% பாதுகாப்பு’.

தாத்தா பார்ப்பார். “நம்ம பையன் ஒண்ணரை வயசுலேயே கெட்டிக்காரன், வாங்கு!”

அந்த மூன்று, மூளைக்கான மதிப்பெண் அல்ல, தொண்டைக்கான அளவு. சோதனைக்கூடத்தில் 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள சிறு உருளை ஒன்று உண்டு. வண்டியின் சக்கரம் கழன்று, அழுத்தாமலே அதற்குள் முழுதாக அடங்கினால், மூன்று வயதுக்குட்பட்டோருக்கு அது ஆகாது. கெட்டிக்காரத் தொண்டை என்று தனியாக ஒன்றும் கிடையாது.

விளம்பரத்தைச் சரிபார்ப்பவர் முதலில் மாற்றவேண்டியது படத்தை: தவழும் குழந்தைக்குப் பதில் நான்கு வயதுச் சிறுமி. ‘100%’ போகட்டும். பயமுறுத்த ஆம்புலன்சும் அழும் தாயும் வேண்டாம். ‘3 வயதுக்கு மேல். சக்கரம் சிறியது, தொண்டையில் அடைக்கலாம்’ என்று விலையின் அளவு எழுத்தில் போட்டால் போதும்.

மலேசியாவில் 2009ஆம் ஆண்டு விதிகளின்படி பொம்மைகளுக்கு எம்.சி. முத்திரை வேண்டும். தாத்தாவிடம் அதையும் தேடச் சொல்லுங்கள்.