சோடா எப்போது?

கேள்வி: ரவா இட்லி மாவில் ஆப்பசோடாவை முதலிலேயே கலந்து ஊறவைத்தால் நன்றாகப் பொங்காதா?

பதில்: பொங்கும், ஆனால் இட்லித்தட்டைப் பார்ப்பதற்கு முன்பே பொங்கி முடித்துவிடும்! சோடா தயிரின் புளிப்பைத் தொட்டவுடனே வாயுவை விடத் தொடங்குகிறது. ரவைக்கோ தயிரையும் நீரையும் உறிஞ்சி உப்ப 20 நிமிடம் வேண்டும். இரண்டையும் ஒன்றாகத் தொடங்கினால், ரவை தயாராகும்போது குமிழிகளில் பெரும்பகுதி போயிருக்கும். ஆகவே வறுத்து ஆறிய ஒரு கப் ரவையை, ஒரு கப் புளித்த தயிர், அரை கப் தண்ணீர், உப்போடு கலந்து ஊறவிடுங்கள். ஊறியபின் மாவு கட்டியாக இறுகியிருக்கும்; கரண்டியிலிருந்து தொப்பென்று விழும் பதத்துக்குத் தண்ணீர் சேருங்கள். இட்லிப்பானையில் நீர் கொதித்து, தட்டில் எண்ணெய் தடவியபிறகே கால் தேக்கரண்டி சோடா. மெதுவாகக் கலக்கி உடனே ஊற்றி, 10 முதல் 12 நிமிடம் வேகவிடுங்கள்.

"போன வாயுவுக்கு ஈடாகச் சோடாவைக் கூட்டினால் போச்சு" என்பீர்கள். ஆவியின் சூட்டிலும் சோடா வாயு விடும் என்பது உண்மைதான். ஆனால் புளிப்பு தீர்ந்தபின் மிஞ்சும் சோடா இட்லியை மஞ்சளாக்கி, சோப்பு வாடையையும் தரும். ஊறவைப்பதையே விட்டுவிடலாமா? அப்போது ரவை அடுப்பில் நீரை இழுத்து, இட்லி வறண்டு உதிரும். இரண்டு ஈடு ஊற்றுவதானால் மாவைப் பாதியாகப் பிரித்து, இரண்டாம் பாதிக்கு முதல் ஈடு வெந்து இறங்கியபின் சோடா போடுங்கள்.