துருசடிக் கேள்விகள்: சண்டைக்கு முன்னால் ஸ்கிரீன்ஷொட்

(கட்டுக்கரைப் பக்கத்து வாசகர் கேள்விகளும், அவர்களுடைய கடல்கடந்த உறவுகளின் கேள்விகளும்)

முருங்கன் வாசகர்: வெளிநாட்டுப் பந்தயத் தளமொன்றில் என் கணக்கில் 84,000 ரூபா நிற்கிறது. 60,000 எடுக்கக் கேட்டேன். பத்து நாளாக "பரிசீலனையில்" என்கிறார்கள். இன்றிரவு சாட்டில் நாலு கேள்வி நறுக்கென்று கேட்கப் போகிறேன். சரிதானே?

கேளுங்கள், ஆனால் நாளைக்கு. இன்றிரவு உங்களுக்கு வேறு வேலை இருக்கிறது.

நீங்கள் சத்தம் போட்டால் அவர்கள் முதலில் செய்யக்கூடியது கணக்கைப் பூட்டுவது. பூட்டினால் காசு மட்டும் உள்ளே நிற்காது. வைப்புப் பட்டியல், பந்தய வரலாறு, எடுக்கக் கேட்ட பதிவு, பழைய சாட் எல்லாம் அதே அறைக்குள் போய்விடும். சாவி அவர்களிடம். ஆகவே கதவு திறந்திருக்கும்போதே வெளியே எடுக்க வேண்டியதை எடுத்துவிடுங்கள்.

போனில் திரைப்பதிவை ஓடவிட்டு, தளத்தின் முகவரியைத் தட்டி, உள்நுழைவதிலிருந்து தொடங்குங்கள். நிறுத்தாமல் மீதிக் காசு, வைப்புப் பக்கம், எடுப்புப் பக்கம், பந்தய வரலாறு என்று ஒவ்வொன்றாக மெதுவாக உருட்டுங்கள். தனித்தனிப் படமென்றால் "இடையில் என்ன நடந்ததோ" என்று கேட்பார்கள். ஒரே ஓட்டத்தில் எடுத்த காணொளியில் அந்தக் கேள்விக்கு இடம் குறைவு. பிறகு முக்கியமான பக்கங்களைத் தனியாக ஸ்கிரீன்ஷொட் எடுங்கள். முகவரிப் பட்டை மேலே தெரிய வேண்டும். ஒவ்வொரு பந்தயத்துக்கும், ஒவ்வொரு ஆட்டச் சுற்றுக்கும் ஓர் இலக்கம் இருக்கும். அது சின்ன எழுத்தில் சாம்பல் நிறத்தில், தட்டினால்தான் விரியும். அதைத் தட்டி விரித்து எடுங்கள். "சனிக்கிழமை இரவு வென்றேன்" என்று எழுதினால் யாரும் தேடமாட்டார்கள். இலக்கத்தைக் கொடுத்தால் தேடாமல் இருக்க முடியாது.

அடம்பன் வாசகி: என் மகனுடைய காசு எல்லாம் சாட்டில் பேசித்தான் போனது. அந்தச் சாட்டை எப்படி ஐயா பிடித்துவைப்பது?

எந்தச் சாட் என்பதைப் பொறுத்தது, அம்மா.

தளத்தின் மூலையில் திறக்கும் பெட்டி என்றால் அது மழைக்குமிழி. சிறிது நேரம் பேசாமல் இருந்தால் மூடிவிடும், மூடினால் பல தளங்களில் பேச்சும் போய்விடும். முடிவதற்கு முன் உரையாடலை மின்னஞ்சலுக்கு அனுப்பச் சொல்லும் பொத்தான் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் சாட்டில் பதில் சொல்லும் முகவரிடமே கேட்கச் சொல்லுங்கள். அவருடைய பெயரையும் முறைப்பாட்டு இலக்கத்தையும் எழுதி வாங்குங்கள். மறுத்தால் மேலிருந்து கீழ்வரை ஸ்கிரீன்ஷொட் எடுங்கள். ஒவ்வொரு படத்தின் கடைசி வரியும் அடுத்த படத்தின் முதல் வரியாக வர வேண்டும்.

வட்ஸ்அப் என்றால் உரையாடலுக்குள் போய் மூன்று புள்ளியைத் தட்டினால் `More` என்பதற்குள் `Export chat` இருக்கும். ஐபோனில் பெயரைத் தட்டிக் கீழே உருட்ட வேண்டும். நாளும் நேரமும், பேசியவரின் பெயரோ எண்ணோ சேர்ந்த எழுத்துக் கோப்பு வரும்.

டெலிகிராம் என்றால் அவசரம் அதிகம். அங்கே எதிராளி தன்னுடைய பேச்சை மட்டுமல்ல, உங்கள் மகனுடைய பேச்சையும் இரு பக்கமும் அழிக்கலாம். காலக்கெடுவும் கிடையாது. கணினியில் Telegram Desktop போட்டு அந்த உரையாடலில் `Export chat history` கொடுங்கள். இதை மகன் அந்த முகவரிடம் கோபமாக ஒரு சொல் எழுதுவதற்கு முன் செய்யுங்கள்.

உயிலங்குளம் வாசகர்: நாளைய மட்சில் யார் வெல்வார்?

அது தெரிந்தால் நான் ஏன் இங்கே கேள்விக்குப் பதில் எழுதிக்கொண்டிருக்கிறேன்?

நானாட்டான் வாசகர்: நான் சொல்லும் நேரம் ஒன்று, தளம் சொல்லும் நேரம் வேறு, வங்கிக் கூற்றில் நாளே வேறு. யாரோ பொய் சொல்கிறார்கள்!

ஒருவரும் சொல்லவில்லை, அண்ணை. மூன்று மணிக்கூடு ஓடுகிறது, அவ்வளவுதான்.

சனி இரவு 10.40க்கு 5,000 ரூபா போட்டீர்கள் என்று வைப்போம். வங்கி அனுப்பிய குறுஞ்செய்தியில் 22:40. தளத்தில் 17:10, ஏனென்றால் அது உலகப் பொது நேரத்தில் எழுதுகிறது; நம்முடையது அதற்கு ஐந்தரை மணி முன்னே. வங்கிக் கூற்றில் திங்கட்கிழமை, ஏனென்றால் வங்கி அன்றுதான் கணக்கில் ஏற்றியது. தளத்தில் சனி 20:00 என்றால் நமக்கு ஞாயிறு அதிகாலை 1.30. இங்கேதான் ஆட்கள் ஒரு நாள் பிசகி, "அன்று எந்த வைப்பும் இல்லை" என்ற பதிலை வாங்கிக்கொண்டு நிற்பார்கள்.

ஒரு கொப்பித் தாள் எடுங்கள். ஒவ்வொரு வைப்புக்கும் ஒரு வரி. தள நேரம், நம் நேரம், தொகை, தளத்தின் இலக்கம், வங்கியின் குறிப்பிலக்கம், கூற்றில் வந்த பெயர். கடைசியாகச் சொன்னது முக்கியம். கூற்றில் தளத்தின் பெயர் வராமல், நீங்கள் கேள்விப்படாத ஏதோ நாட்டுக் கம்பெனியின் பெயர் வரலாம். காசு உண்மையில் யாரிடம் போனது என்பதற்கு அதுதான் துப்பு. கிரிப்டோவில் கட்டியிருந்தால் பரிமாற்றத்தின் நீண்ட குறியீட்டையும் பெறுநர் முகவரியையும் படமாக அல்ல, எழுத்தாகவே பிரதி எடுத்து வையுங்கள். படத்தைப் பார்த்து அறுபத்து நான்கு எழுத்தைத் தட்டி, பிழையில்லாமல் முடித்தவரை நான் கண்டதில்லை.

பேசாலை வாசகர்: ஸ்கிரீன்ஷொட்டில் முக்கியமான இடத்துக்குச் சிவப்பு வட்டம் போட்டேன். நல்லதுதானே?

பிரதியில் போடுங்கள், மூலத்தில் போடாதீர்கள். வெட்டிய படமும் கோடு போட்ட படமும் "இதில் வேறென்ன கை வைத்தாய்?" என்று கேட்க வைக்கும். மூலப்படத்தை வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கி, அதனுள்ளே இருந்த விவரமும் உதிர்ந்துவிடும். `Document` ஆக அனுப்புங்கள். எடுத்த அன்றே உங்களுக்கே ஒரு மின்னஞ்சல் போட்டுவிட்டால் அன்றைய நாள் அதில் பதிந்துவிடும். அட்டை இலக்கத்தை மறைப்பதும் பிரதியில்தான்.

லண்டனிலிருந்து வங்காலை மகன்: தளத்தின் விதிமுறைப் பக்கத்தையும் எடுக்க வேண்டுமா? நாற்பது பக்கம் இருக்கிறது. யார் படிப்பது?

நீங்கள் படிக்க வேண்டாம், நீதிபதி படிப்பார். உங்கள் ஊரிலேயே நடந்த இரண்டு வழக்கைச் சொல்கிறேன்.

2018 ஜனவரியில் லிங்கன்ஷயரைச் சேர்ந்த ஆண்ட்ரூ கிரீன், பெட்பிரெட்டின் பிளாக்ஜாக் ஆட்டத்தில் 17 இலட்சம் பவுண்டுக்கு மேல் வென்றார். ஆட்டத்தில் கோளாறு, தர முடியாது என்றது கம்பெனி. அவர் வழக்குப் போட்டு 2021இல் வென்றார். கோளாறு இருந்ததா இல்லையா என்பதில் வழக்கு நிற்கவில்லை. கம்பெனி நீட்டிய விதிவிலக்கு வாசகம் இந்தக் கோளாறுக்குப் பொருந்துமா, அது அவர் கண்ணில் படும்படி வைக்கப்பட்டிருந்ததா என்பதில் நின்றது. இரண்டுக்கும் "இல்லை" என்ற பதிலே வந்தது.

2020 ஒக்டோபரில் கொரின் டர்பர் என்ற பெண், பாடி பவரின் ஓர் ஆட்டத்தில் பெரிய பரிசைக் கண்டார். திரையில் காட்டியது 10,97,132 பவுண்டு. கம்பெனி கொடுத்தது இருபதாயிரம் சொச்சம். சேர்வரில் சின்னப் பரிசுதான் பதிவாகியிருக்கிறது, திரையும் சேர்வரும் முரண்பட்டால் சேர்வரே செல்லும் என்று எங்கள் விதி சொல்கிறது என்றார்கள். 2025 மார்ச்சில் நீதிமன்றம் திரையின் பக்கம் நின்றது.

ஒரு வழக்கில் விதிமுறை, மற்றதில் திரை. அதனால்தான் அன்றைய விதிமுறையைப் பிடிஎஃப்பாகச் சேமிக்கச் சொல்கிறேன். அதோடு `web.archive.org/save` இல் அந்த முகவரியைக் கொடுத்தால் மூன்றாம் கையில் ஒரு பிரதி நாளோடு நிற்கும். போனஸ் வாங்கியிருந்தால் அதன் விதிக்குத் தனிப் பக்கம் இருக்கும், அதையும் விடாதீர்கள். ஒரு பந்தயத்துக்கு இவ்வளவுதான் வைக்கலாம் என்ற வரி அங்கேதான் ஒளிந்திருக்கும். உங்களைத் தோற்கடிக்கப் போவதும் பெரும்பாலும் அந்த வரிதான். முறைப்பாடு எழுதுமுன் அதை மட்டுமாவது படியுங்கள்.

பிரித்தானிய உரிமத் தளமென்றால் முறைப்பாட்டைத் தீர்க்க அவர்களுக்கு எட்டு வாரம். தீராவிட்டால் இலவச நடுவர் அமைப்பிடம் போகலாம். ஐபாஸ் அவற்றில் ஒன்று. அங்கே கதை கேட்கமாட்டார்கள், கோப்பைத்தான் கேட்பார்கள்.

தலைமன்னார் வாசகர்: அப்படியென்றால் லண்டன் அண்ணாவின் பெயரில் கணக்குத் திறந்து இங்கிருந்து ஆடும் நானும் கேட்கலாம்?

கேட்கலாம். நீங்கள் சேர்த்து அனுப்பும் ஒவ்வொரு ஸ்கிரீன்ஷொட்டும் இன்னொருவர் கணக்கில் ஆடினீர்கள் என்பதற்கு ஆதாரமாகும். தளத்துக்கு அதற்குமேல் வேறென்ன வேண்டும்?

மாந்தை வாசகர்: என் தளம் லண்டனும் இல்லை ஒன்றும் இல்லை. ஓர் ஆள் டெலிகிராமில் கணக்குத் தருவார், காசை அவருடைய வங்கிக் கணக்குக்குப் போடுவோம். இவ்வளவு ஆதாரமும் வைத்து என்ன பயன்?

நேராகவே சொல்கிறேன், தளத்திடமிருந்து காசு வாங்க அநேகமாகப் பயன் இல்லை. 2025இல் நமது பாராளுமன்றம் சூதாட்ட ஒழுங்குபடுத்தல் அதிகாரசபைக்குச் சட்டம் நிறைவேற்றியது உண்மை. ஆனால் எங்கோ ஒரு தீவில் பதிவானதாகச் சொல்லும் தளத்தின் கழுத்தைப் பிடிக்க அந்தத் தீவின் உரிமம் உண்மையாக இருக்க வேண்டும். பக்கத்தின் அடியில் இருக்கும் உரிம முத்திரையைத் தட்டிப் பாருங்கள். உரிமம் கொடுத்த நிறுவனத்தின் சொந்தப் பக்கம் திறந்து இந்தத் தளத்தின் பெயரைக் காட்டினால் அதை எடுத்து வையுங்கள். ஒன்றும் திறக்காமல் வெறும் படமாக நின்றால், அதையும் எடுத்து வையுங்கள்.

உங்கள் விஷயத்தில் ஆதாரம் பேசப்போவது அந்த முகவரின் வங்கிக் கணக்கைப் பற்றி. நீங்களே விரும்பி அனுப்பிய காசை வங்கி திருப்பி எடுத்துத் தராது. ஆனால் கணக்கு இலக்கம், கணக்கில் உள்ள பெயர், "இதில் போடு" என்று அவர் சொன்ன டெலிகிராம் வரி, நீங்கள் போட்ட குறிப்பிலக்கம் நான்கும் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தால் பொலிஸ் முறைப்பாட்டுக்கு ஒரு தலை கிடைக்கிறது. அட்டையில் கட்டியிருந்தால் வங்கிக்கு எழுத்தில் ஆட்சேபம் கொடுங்கள். தோற்ற காசைத் திருப்பித் தா என்று எழுதாதீர்கள். கேட்ட எடுப்பைத் தரவில்லை என்று எழுதுங்கள். இரண்டும் ஒன்றல்ல, வங்கிக்கு அது தெரியும். அட்டை ஆட்சேபத்துக்கு நாள் வரையறை உண்டு, மாதக்கணக்கில் காத்திருக்காதீர்கள். வங்கி காது கொடுக்காவிட்டால் மத்திய வங்கியின் 1935 இலக்கத்துக்கு அழையுங்கள்.

முருங்கன் வாசகர் (மறுபடியும்): எல்லாம் எடுத்துவிட்டேன். இன்று ஒருவர் தானாகவே பேசினார். என் ஆதாரத்தைக் கொடுத்தால் காசை மீட்டுத் தருவாராம், முன்பணம் 7,500 ரூபா மட்டும்.

அவருடைய பேச்சையும் ஸ்கிரீன்ஷொட் எடுத்து அதே கோப்பில் போடுங்கள். காசு போடாதீர்கள். கடவுச்சொல்லும் ஓடிபியும் கேட்டால் கொடுக்காதீர்கள். இப்போது சாட்டுக்குப் போய் அந்த நாலு கேள்வியைக் கேட்கலாம்.