பன்னிரண்டு நிமிடக் கருணை

பொம்மனஹள்ளியில் தொழிற்சாலை வாசலுக்கு நேரிலேயே போய் வேலை கேட்கும் நாகரிகமற்ற வழக்கம் இன்னும் அடியோடு ஒழிந்தபாடில்லை. ஓசூர் சாலையை ஒட்டிய சந்துகளில் டெய்லர் வேண்டும், ஹெல்பர் வேண்டும் என்று கேட்டில் அட்டை தொங்கவிடும் பழைய காலத்து முதலாளிகள் இன்னும் இருக்கிறார்கள். அட்டையைப் பார்த்து உள்ளே போனவன் சாயங்காலமே தையல் மெஷினில் உட்கார்ந்துவிடுகிறான். என்ன அவசரம்!

என் அக்கா மகனும் அந்த வழக்கத்தில் வளர்ந்தவன்தான். முத்து என்று வைத்துக்கொள்வோம். தருமபுரிப் பக்கம் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் டிப்ளமா முடித்துவிட்டு, இங்கே ஒரு சின்னப் பட்டறையில் ஒன்றரை வருடமாக வெர்னியர் காலிப்பரும் கையுமாக அளவு பார்க்கிற வேலை. எலக்ட்ரானிக் சிட்டிப் பக்கம் ஒரு பெரிய நிறுவனத்தில் தரம் பார்க்க ஆள் எடுக்கிறார்கள், டிப்ளமா இருந்தால் போதும் என்று கேள்விப்பட்டு, ஃபைலைத் தூக்கிக்கொண்டு கேட்டுக்கே போய் நின்றான். வாட்ச்மேன் பொறுமையாக, “ஆன்லைன்ல அப்ளை மாடி” என்று சொல்லி அனுப்பிவிட்டார். அந்த நிறுவனத்தின் சார்பில் முத்துவோடு பேசிய ஒரே மனிதர் அவர்தான் என்பது எங்களுக்கு அப்போது தெரியாது.

இனி அந்தப் போர்ட்டலின் பெருமையைச் சொல்ல வேண்டும். மொழி தேர்ந்தெடுக்க மேலே ஒரு பட்டியல் வைத்திருந்தார்கள். ஜெர்மன் இருந்தது, பிரெஞ்சு இருந்தது, போர்த்துக்கீசியம்கூட இருந்தது. கன்னடமும் இல்லை, தமிழும் இல்லை. பொம்மனஹள்ளி மார்க்கெட்டில் வேலையில்லாத போர்த்துக்கீசியர் எத்தனை பேர் அலைகிறார்களோ, நம் கண்ணுக்குத்தான் படவில்லை. ஆங்கிலத்தையே வைத்துக்கொண்டோம். உலாவியில் மொழிபெயர்ப்பைத் தட்டிப் பார்த்தோம். ‘ரெஸ்யூமே’ என்ற இடத்தில் ‘மீண்டும் தொடங்கு’ என்று வந்தது. அதை ஒரு தீர்க்கதரிசனம் என்று பிற்பாடுதான் புரிந்துகொண்டேன்.

முதலில் ரெஸ்யூமேயை ஏற்றச் சொன்னது. ஏற்றினால் கட்டங்களைத் தானே நிரப்பிக்கொள்ளுமாம். நமக்கு விரல் வலிக்கக்கூடாது என்ற அக்கறை. முத்துவிடம் இருந்தது ஊரில் டிடிபி கடையில் அடித்த தமிழ்த் தன்விவரக் குறிப்பு, பிடிஎஃப் கோப்பு. அச்செடுத்தால் கல்யாணப் பத்திரிகை போல இருக்கும். ஏற்றி முடித்ததும் பெயர்க் கட்டத்தில் `Kj;J` என்று வந்து உட்கார்ந்தது. முத்து மிரண்டுவிட்டான். எனக்குச் சிரிப்பு வந்தது, ஏனென்றால் நானும் ஒரு காலத்தில் பாமினியில் தட்டியவன்.

பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தமிழ் என்பது கண்ணுக்கு மட்டும்தான். ஆங்கில எழுத்துகளின் மேல் தமிழ் எழுத்தின் படத்தை ஒட்டிவைத்திருப்பார்கள். `K` தட்டினால் ‘மு’ என்ற உருவம் வரும், `j;` தட்டினால் ‘த்’, `J` தட்டினால் ‘து’. தாளில் முத்து, கோப்புக்குள் `Kj;J`. போர்ட்டல் படத்தைப் பார்ப்பதில்லை, உள்ளே கிடக்கும் எழுத்தைத்தான் அள்ளுகிறது. வேஷத்தைக் கண்டு ஏமாறாத ஞானி. யூனிகோடில் அடித்த தமிழைக் கொடுத்தாலும் அது எளிதில் மயங்கிவிடாது. பிடிஎஃப் ஆகும்போது ‘கொ’வின் கொம்பும் காலும் சில சமயம் இடம் மாறி நிற்கும், அதை அப்படியே எடுத்துக்கொள்ளும். தாளை ஸ்கேன் செய்து கொடுத்தால் பல போர்ட்டல்கள் ஒன்றுமே எடுக்காது, வெறும் படம்.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய வித்தை தேவையில்லை. பிடிஎஃபைத் திறந்து, எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பார்த்தால் போதும். அங்கே என்ன தெரிகிறதோ, ஏறக்குறைய அதுதான் போர்ட்டலின் கண்ணுக்குத் தெரிவது. அன்றிரவே ஆங்கிலத்தில் ஒரு பக்கம், டேபிள் இல்லாமல், இரண்டு பத்தி இல்லாமல், வேர்டில் புதிதாக அடித்துக் கொடுத்தேன். பெயரும் போன் நம்பரும் பக்கத்தின் தலைப்புப் பகுதியில் இல்லாமல் உடம்பிலேயே இருக்கட்டும் என்று வைத்தேன், தலைப்பைப் படிக்காத போர்ட்டல்களும் உண்டு என்பதால்.

அடுத்தது பெயர். முதல் பெயர், கடைசிப் பெயர். இரண்டின் பக்கத்திலும் சிவப்பு நட்சத்திரக் குறி. கட்டாயம் நிரப்பியாக வேண்டும் என்று பொருள். நம் பிள்ளைகளுக்கு இருப்பது ஒரு பெயரும் ஓர் இனிஷியலும். கடைசிப் பெயரில் இனிஷியலைப் போட்டால் ஓரெழுத்து போதாது என்றது. அப்பா பெயரை முழுதாக எழுதினோம். அந்த நிமிடம் முதல் எல்லா மின்னஞ்சலும் ‘அன்புள்ள’ என்று என் மச்சானுக்கே வந்துகொண்டிருந்தது. பெற்றவரை முன்னிறுத்தி மகனைப் பின்னால் நிறுத்தும் இந்தப் பண்பாடு எந்தத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் கற்றதோ! வேலை கிடைத்திருந்தால் ஆதாரில் ஒரு பெயர், விண்ணப்பத்தில் இன்னொரு பெயர், பி.எஃப். கணக்குத் திறக்கும்போது மூன்றாவது சிக்கல் என்று தொடர்ந்திருக்கும். அந்தக் கஷ்டமும் வராமல் காத்தது.

படிப்பு என்ற இடத்தில் கீழே இறங்கும் பட்டியல். முத்து பளிச்சென்று ஒன்றைத் தொட்டான்: `High School Diploma`. டிப்ளமா என்று எழுதியிருக்கிறதே! நானும் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டினேன். அமெரிக்காவில் அந்தச் சொல்லுக்குப் பொருள் பள்ளிக்கூடம் முடித்த சான்றிதழ், நம் ப்ளஸ் டூ மாதிரி. மூன்று வருடம் பாலிடெக்னிக்கில் லேத்தோடு மல்லுக்கட்டியவன் ஒரே தொடுதலில் பள்ளி மாணவனாகிவிட்டான். பட்டியலில் நம் டிப்ளமாவுக்குக் கிட்டத்தில் வருவது `Associate Degree`. அதைத் தொட நம்மில் யாருக்குத் தோன்றும்? இளமையைத் திருப்பித் தரும் காயகல்பம் சித்தர்களிடம்தான் உண்டு என்று நினைத்திருந்தேன்.

சம்பளக் கேள்விக்கு வந்தோம். கையில் வாங்குவது மாதம் 14,500. தற்போதைய சி.டி.சி. என்ற கட்டத்தில் அவன் 14500 என்று போட்டான். கமா போட்டபோது சிவப்பு எழுத்தில் கோபித்துக்கொண்டது. கமா இல்லாமல் போட்டதும் சாந்தமானது. எதிர்பார்க்கும் சம்பளத்துக்கு மட்டும் நான் புத்திசாலித்தனமாக மாதம் 18,000ஐப் பன்னிரண்டால் பெருக்கி 216000 என்று போடச் சொன்னேன். சி.டி.சி. என்றால் கைக்கு வருவது மட்டுமல்ல, முதலாளி கட்டும் பி.எஃப். பங்கும் சேர்ந்த ஒரு வருடத்துக் கணக்கு. மேலே ஒரு மாதம், கீழே ஒரு வருடம். கணக்கில் துல்லியமான அந்தப் போர்ட்டலின் பார்வையில், எங்கள் பையன் ஏறக்குறைய பதினைந்து மடங்கு உயர்வு கேட்டிருந்தான். மாதமா வருடமா என்று கட்டத்தின் பக்கத்தில் ஒரு சொல் எழுதியிருந்தால் அதன் கம்பீரம் குறைந்திருக்கும்.

கன்னடம் படிக்க, எழுத, பேசத் தெரியுமா என்றும் கேட்டது. மூன்று வினைக்கும் சேர்த்து ஒரே ஆம், ஒரே இல்லை. முத்து மளிகைக்கடையில் கன்னடத்தில் சண்டை போடுவான். பஸ்ஸில் பலகையைப் பார்த்து ஏறத் தெரியாது, நம்பரைப் பார்த்துத்தான் ஏறுவான். பொம்மனஹள்ளித் தமிழர் பாதிப்பேரின் நிலை இது. 2024 ஜூலையில் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் கொடுத்து, எதிர்ப்பு கிளம்பியதும் நிறுத்திவைத்த உள்ளூர்க்காரர் வேலைவாய்ப்பு மசோதாவும் பேச, படிக்க, எழுத மூன்றையும் சேர்த்தேதான் கேட்டது. உண்மையைச் சொல்லிவிடுவோம் என்று ‘இல்லை’ போட்டோம். பேசத் தெரிந்ததைச் சொல்ல இடமில்லை. தற்பெருமை கூடாது என்பதற்காக இருக்கும்.

கடைசியில் ஒரு கேள்வி. இப்போதோ எதிர்காலத்திலோ உங்களுக்கு ஸ்பான்சர்ஷிப் தேவைப்படுமா? முத்துவுக்கு ஸ்பான்சர் என்றால் கிரிக்கெட் சட்டையில் பெயர் போடுகிறவர்கள், உதவி செய்கிறவர்கள். “கேட்டு வெச்சா நல்லதுதானே மாமா” என்று ‘ஆம்’ போட்டுவிட்டான். கேட்டது விசா. தருமபுரியில் பிறந்து, பொம்மனஹள்ளியில் குடியிருந்து, எலக்ட்ரானிக் சிட்டிக்குப் பஸ்ஸில் போகவிருந்த பையன், தன்னை இந்தியாவுக்குள் விட விசா எடுத்துத் தரும்படி நிறுவனத்தைக் கேட்டுக்கொண்டான்.

அனுப்பு என்ற பொத்தானை அழுத்தியது இரவு 9.40. வருந்துகிறோம் என்ற மின்னஞ்சல் 9.52. இங்கே மஞ்சள் வழி மெட்ரோ 2025 ஆகஸ்டில் ஓடத் தொடங்கியபோது 25 நிமிடத்துக்கு ஒரு வண்டிதான். அடுத்த வண்டி வருவதற்குள் இரண்டு பேரை நிராகரிக்கும் வேகம். அமெரிக்காவில் டெரெக் மோப்லி என்பவர், இத்தகைய மென்பொருள் தரும் வொர்க்டே நிறுவனத்தின் மேல் 2023இல் தொடுத்த வழக்கில், நள்ளிரவு 12.55க்கு விண்ணப்பித்த ஒரு வேலைக்கு 1.50க்கு மறுப்பு வந்ததாகச் சொல்லியிருக்கிறார். பாவம், 55 நிமிடம் காத்திருக்க வேண்டியிருந்திருக்கிறது.

வேறொரு நிறுவனத்தில் ஆள் எடுக்கும் நண்பரிடம் இந்த வேகத்தைப் பற்றி வியந்து சொன்னேன். ரெஸ்யூமேயை யாரும் திறந்தே பார்த்திருக்க மாட்டார்கள் என்றார். வேலையைப் போர்ட்டலில் போடும்போதே, இந்தக் கேள்விக்கு இந்தப் பதில் வந்தால் விலக்கு என்று டிக் அடித்து வைத்துவிடுவார்களாம். விசா வேண்டும் என்பது அதில் முதல் வரிசை. படிப்பும் இருந்திருக்கலாம், கன்னடமும் இருந்திருக்கலாம். எதில் விழுந்தோம் என்று மின்னஞ்சல் சொல்லாது. நாங்கள் ராத்திரி கண்விழித்து அடித்த ஒரு பக்கம் அங்கே பத்திரமாக, மடிப்புக் கலையாமல் இருக்கிறது. மனிதர் வெட்கப்படக்கூடாது என்பதற்காகச் சில இடங்களில் மறுப்பை ஒரு நாள் தள்ளி அனுப்பும்படியும் அமைத்துவைப்பார்கள் என்றார். எங்களிடம் அந்த ஒளிவுமறைவுகூட இல்லை.

தவறு தெரிந்துவிட்டதே, திருத்தி மறுபடி போடலாம் என்று உள்ளே போனோம். இந்த வேலைக்கு நீங்கள் ஏற்கெனவே விண்ணப்பித்துவிட்டீர்கள் என்று நினைவூட்டியது. மனிதர்கள் மறப்பார்கள், அது மறக்கவில்லை. அதற்குக் கீழே எங்கள் விண்ணப்ப அனுபவத்தைப் பற்றி ஒரு சின்னக் கணக்கெடுப்பு. ஒன்று முதல் ஐந்து நட்சத்திரம், பக்கத்தில் கருத்து எழுத ஒரு கட்டம். அந்த ஒரு கட்டத்தில் மட்டும் தமிழ் அழகாக ஏறியது. முத்து ஒன்றும் எழுதவில்லை. ஐந்து நட்சத்திரத்தையும் தட்டிவிட்டு மூடினான்.

“ஏன்டா அஞ்சு குடுத்த?” என்றேன்.

“செவப்பு நட்சத்திரம் போட்டிருந்துச்சு மாமா. கட்டாயமாம்.”